குடிக்கிறவர் வயிறு வீங்கினால் கல்லீரல்தானா? ஒரு கழித்தல் கணக்கு

வயிறு உப்பிப்போய் ஓர் ஆண் வார்டில் வந்து படுத்தால், அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "குடிப்பீங்களா?" என்பதுதான். "ஆமா சார், கொஞ்சம்" என்று பதில் வந்துவிட்டால் பாதி மருத்துவர்கள் மனதுக்குள் நோயை எழுதி முடித்துவிடுவார்கள். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், அதனால் வயிற்றில் நீர். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வயிற்றில் நீர் கோத்து வருபவர்களில் மிகப் பெரும்பங்கினருக்குக் காரணம் கல்லீரல்தான். சிக்கல் மிச்சம் உள்ளவர்களிடம். அவர்களிலும் சிலர் குடிப்பார்கள்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 48, லாரி ஓட்டுநர். இவர் ஒரே ஆள் இல்லை, பல நோயாளிகளைச் சேர்த்துக் கோத்த ஆள். ஆனால் பொது மருத்துவ வார்டில் சில வருடம் இருந்த யாரும் இவரைப் பார்த்திருப்பார்கள். எட்டு மாதமாக வயிறு பெருத்துக்கொண்டே வருகிறது. முதலில் வயிறு, அதன் பிறகுதான் கால் வீக்கம். பிலிருபின் 1.6, கண்ணில் லேசான மஞ்சள். ஸ்கேனில் 'கல்லீரல் பெரிதாக உள்ளது, நிறைய நீர்' என்று எழுதியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் குடிப்பழக்கம். இரண்டு இடங்களில் 'சிரோசிஸ்' என்று சீட்டெழுதி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் வடியும், விட்டால் மறுபடியும் வரும். கோப்பு மட்டும் தடித்துக்கொண்டே போகிறது. அந்தக் கோப்பில் இல்லாதது ஒன்றே ஒன்று: வயிற்று நீரின் பரிசோதனை முடிவு.

நீர் எடுப்பது பெரிய வேலை இல்லை. இடது பக்கம், இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரல்கடை மேலே, இரண்டு விரல்கடை உள்ளே. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியைச் செலுத்தினால், வைக்கோல் நிறத்தில் நீர் சிரிஞ்சில் ஏறும். இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. தோலிலும் உள்ளேயும் துளை நேர்கோட்டில் அமையாததால், ஊசியை உருவிய பிறகு நீர் கசியாது. ஐம்பது, அறுபது மில்லி போதும். அணுக்கள் எண்ண ஒரு குழாய், கிருமி வளர்க்கக் கட்டிலருகிலேயே நிரப்பும் பாட்டில்கள், மொத்தப் புரதமும் அதில் ஒரு வகையான அல்புமினும் பார்க்க ஒரு குழாய். கூடவே, அதே வேளையில் கையிலிருந்து ஒரு குழாய் இரத்தம். இந்தக் கடைசிக் குழாயைத்தான் அதிகம் மறப்பார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஓட்டுநருக்கு வந்த முடிவு இது. இரத்தத்தில் அல்புமின் 3.3. வயிற்று நீரில் அல்புமின் 2.0. வயிற்று நீரின் மொத்தப் புரதம் 4.2. (இந்தக் கட்டுரையில் அல்புமின், புரத அளவுகள் எல்லாம் 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு.) முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1.3. இதைத்தான் 'சாக்' என்று வார்டில் சுருக்கிச் சொல்கிறார்கள். இரத்த அல்புமினுக்கும் வயிற்று நீர் அல்புமினுக்கும் உள்ள இடைவெளி. வகுத்தல் கிடையாது, விகிதம் கிடையாது, வெறும் கழித்தல். 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால், கல்லீரலுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் போர்டல் சிரையின் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே வந்தால் அழுத்தம் காரணமில்லை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஏன் கழித்தல் என்பதுதான் இதில் சுவையான பகுதி. இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதை இரண்டு விசைகள் முடிவு செய்கின்றன என்று 1896-ல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் சொன்னார். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளும். இரத்தத்தில் இருக்கும் புரதம், முக்கியமாக அல்புமின், நீரை உள்ளேயே இழுத்துப் பிடிக்கும். வெளியே உள்ள நீரிலும் அல்புமின் இருந்தால் அது தன் பக்கம் இழுக்கும். ஆகவே கணக்கில் வருவது இரத்த அல்புமினின் அளவு மட்டுமில்லை, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்.

போர்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது என்று வையுங்கள். நீர் வயிற்றுக்குள் கசிகிறது. எங்கே போய் நிற்கும்? தள்ளும் விசையை ஈடுகட்டும் அளவுக்கு இழுக்கும் விசை வளரும்போது. அதாவது, அழுத்தம் எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவுக்கு அல்புமின் வித்தியாசமும் கூடியிருந்தால்தான் தராசு நேர்நிலைக்கு வரும். சாக் என்பது அந்தத் தராசின் முள். சிரைக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்காமலே, இரண்டு குழாய்களில் அல்புமினைப் பார்த்து, அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். கல்லீரல் நோயாளிகளில் இரத்தப் புரதமும் போர்டல் அழுத்தமும் சேர்ந்துதான் வயிற்று நீரின் புரதத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை அமெரிக்க மருத்துவர் ஹோஃப்ஸ் 1983-ல் அளந்து காட்டினார்.

அதற்கு முன்பு இருந்த முறை வேறு. நீரின் மொத்தப் புரதம் மட்டும் பார்ப்பார்கள். 2.5-க்குக் கீழே என்றால் 'டிரான்சுடேட்', மேலே என்றால் 'எக்சுடேட்'. முன்னது அழுத்தத்தால் கசிந்தது, பின்னது அழற்சியாலோ புற்றுநோயாலோ ஊறியது என்று பொருள் கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வயிற்றில் இது ஓயாமல் சறுக்கியது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிலேயே கணிசமானவர்களுக்குப் புரதம் 2.5-ஐத் தாண்டும். நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால், நீர் வற்றிப் புரதம் செறிவடைந்து, நேற்றைய டிரான்சுடேட் இன்று எக்சுடேட் ஆகிவிடும். கிருமி புகுந்து சீழ் அணுக்கள் நிறைந்த சிரோசிஸ் நீரோ புரதம் குறைந்தே இருப்பதால் அப்பாவியாக டிரான்சுடேட் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். 1992-ல் அமெரிக்க மருத்துவர் ரன்யனும் உடன்பணியாற்றியவர்களும் இரத்தமும் வயிற்று நீரும் சேர்ந்த 901 இணை மாதிரிகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். நீரின் காரணத்தைச் சரியாகப் பிரிப்பதில் சாக் 97 சதவீதம், பழைய புரத முறை 56 சதவீதம். 56 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மேலே. இதற்குப் பிறகும் சில பரிசோதனைக் கூட அறிக்கைகளில் 'எக்சுடேட்' என்று கொட்டை எழுத்தில் வருவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்படியானால் மொத்தப் புரதம் பயனற்றதா? இல்லை. அதைத் தவறான கேள்விக்குப் பதில் சொல்ல வைத்ததுதான் பிழை. அழுத்தம் உண்டா என்று கேட்க வேண்டியது சாக்கிடம். உண்டு என்று பதில் வந்த பிறகு, அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியது புரதத்திடம்.

இதைப் புரிந்துகொள்ளக் கல்லீரலுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். கல்லீரலின் நுண்குழாய்கள் மற்ற உறுப்புகளில் இருப்பவை போன்றவை இல்லை. அவற்றின் சுவர் சல்லடை. அல்புமின் போன்ற பெரிய மூலக்கூறுகள்கூட எளிதாக நுழைந்து வெளியேறும். கல்லீரலின் வேலையே இரத்தத்தில் உள்ளதைப் பிடித்துப் பதப்படுத்துவதும், செய்த புரதத்தை இரத்தத்தில் விடுவதும் என்பதால் சுவர் அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஆகவே ஆரோக்கியமான கல்லீரலிலிருந்து கசியும் நீரில் புரதம் ஏறத்தாழ இரத்தத்தில் உள்ள அளவுக்கு நெருங்கியிருக்கும்.

சிரோசிஸில் இந்தச் சல்லடை அடைபடுகிறது. நுண்குழாய்ச் சுவருக்கும் கல்லீரல் அணுக்களுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நார் படிகிறது, ஓட்டைகள் மறைகின்றன. சல்லடை சாதாரண வடிகட்டி ஆகிவிடுகிறது. அழுத்தம் ஏறும்போது நீர் வெளியேறும், புரதம் பின்தங்கிவிடும். அதோடு, நலிந்த கல்லீரல் அல்புமினைச் செய்வதும் குறைந்துபோகிறது. இரத்தத்தில் 2.6 இருக்கிறது, அழுத்தம் காரணமாக இடைவெளி 2.0 என்றால், நீரில் மிஞ்சுவது வெறும் 0.6. மொத்தப் புரதம் 1 சொச்சத்தில் நிற்கும். பெரிய இடைவெளி, மெலிந்த நீர். இதுதான் சிரோசிஸின் முகம்.

நம் ஓட்டுநருக்கு இடைவெளி 1.3, அழுத்தம் உண்டு. ஆனால் புரதம் 4.2. அது கெட்டியான நீர். சல்லடை அடைபடவில்லை, கல்லீரல் இன்னும் ஓரளவு புரதம் செய்துகொண்டிருக்கிறது, ஆனாலும் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. அப்படியானால் தடை கல்லீரலுக்குள் இல்லை, அதற்கு அப்பால் இருக்கிறது. கல்லீரலைவிட்டு இரத்தம் எந்த வழியாக வெளியேறுகிறதோ அந்த வழியில். கல்லீரல் சிரைகளில், அல்லது கீழ்ப்பெருஞ்சிரையில், அல்லது இதயத்தில். வீட்டுக்குள் தண்ணீர் தேங்குகிறது என்றால், குழாய்கள் எல்லாம் நன்றாக இருந்து தெருச் சாக்கடை அடைத்துக்கொண்ட கதை.

இந்த இடத்தில் மருத்துவர் செய்ய வேண்டியது அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு நோயாளியின் கழுத்தைப் பார்ப்பது. 'கழுத்துச் சிரையின் துடிப்பு தெரியவில்லை' என்று பழைய கோப்பில் எழுதியிருந்தது. வழக்கப்படி 45 பாகைச் சாய்வில் படுக்கவைத்துப் பார்த்திருப்பார்கள். அழுத்தம் மிகவும் கூடியிருந்தால் அந்தச் சாய்வில் துடிப்பின் மேல்விளிம்பு தாடைக்கும் மேலே போய் மறைந்துவிடும். நேராக உட்காரவைத்ததும் காது மடலுக்குக் கீழே துடிப்பு தெரிந்தது. மூச்சை இழுக்கச் சொன்னால் அது இறங்க வேண்டும், ஆனால் ஏறியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரண்டாம் ஒலியை ஒட்டி ஒரு கூடுதல் தட்டல். இவையெல்லாம் சுட்டுவது ஒன்றைத்தான்: இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகி, இதயத்தை விரியவிடாமல் கவ்விப் பிடித்திருக்கிறது.

பழைய கோப்பில் எக்கோவும் இருந்தது, 'இதயம் நன்றாகச் சுருங்குகிறது, 60 சதவீதம்' என்ற வரியோடு. அந்த வரிதான் எல்லோரையும் ஏமாற்றியது. இந்த நோயில் இதயம் நன்றாகவே சுருங்கும், விரியத்தான் முடியாது. கேள்வியைச் சொல்லி மறுபடி எக்கோ செய்யச் சொன்னதும், மூச்சோடு சேர்ந்து இரத்த ஓட்டம் மாறுவதும், இதயத்தின் நடுச்சுவர் துள்ளுவதும் தெரிந்தன. சி.டி.யில் உறை தடித்து, அங்கங்கே சுண்ணாம்பு படிந்திருந்தது. நம் ஊரில் இந்த நிலைக்கு முதல் காரணமாகச் சந்தேகப்பட வேண்டியது காசநோய். கேட்டபோதுதான், ஆறு வருடம் முன்பு நெஞ்சில் நீர் கோத்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதை ஓட்டுநர் சொன்னார். அதற்கும் வயிற்றுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது?

கால் வீங்குவதற்கு முன்பே வயிறு பெருத்ததும் இந்த நோயின் குணம்தான். சாதாரண இதயச் செயலிழப்பில் பெரும்பாலும் கால்தான் முந்தும். உறையை உரித்து எடுக்கும் அறுவைசிகிச்சை இதற்குத் தீர்வு. ஆபத்து இல்லாத அறுவை என்று சொல்ல முடியாது. ஆனால் தாமதமாகத் தாமதமாக அந்த ஆபத்து கூடிக்கொண்டே போகும். எட்டு மாத மாத்திரைக்குக் கொடுத்த விலை அது. இன்னும் பல வருடம் விட்டிருந்தால் தேங்கிய இரத்தத்தால் கல்லீரலே நாராகி, சல்லடை அடைபட்டு, நீரின் புரதமும் குறைந்துபோயிருக்கும். அப்போது எண்களும் சேர்ந்து 'சிரோசிஸ்' என்றே சொல்லியிருக்கும்.

பெரிய இடைவெளியும் கெட்டியான நீரும் சேர்ந்து வந்தால் இதயம், இதய உறை, கல்லீரல் சிரை அல்லது கீழ்ப்பெருஞ்சிரை அடைப்பு என்ற வரிசையில் யோசிக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் டாப்ளர் ஸ்கேன் வழிகாட்டும். கல்லீரல் சிரைகள் பருத்து நிறைந்திருந்தால் தடை மேலே இதயப் பக்கம். சிரைகளே கண்ணில் படாவிட்டாலோ, ஓட்டம் திசை மாறியிருந்தாலோ தடை அந்தச் சிரைகளிலேயே.

இடைவெளி 1.1-க்குக் கீழே இருந்தால் கதை வேறு. இங்கே அழுத்தம் யாரையும் தள்ளவில்லை. வயிற்றறையின் உட்சவ்வே நோயுற்றுப் புரதத்தோடு நீரைக் கசியவிடுகிறது. காசநோயில் சவ்வு முழுக்கத் தினை தினையாக முடிச்சுகள் முளைக்கும். இரத்தத்தில் 3.2, நீரில் 2.6, இடைவெளி 0.6, புரதம் 5 என்பது போல வரும். புற்றுநோய் சவ்வில் பரவினாலும் எண்கள் இதே மாதிரிதான். இந்த இரண்டையும் சாக் பிரிக்காது. நீரில் புற்றணுக்கள் தென்படுகின்றனவா, நிணநீர் அணுக்கள் நிறைந்திருக்கின்றனவா, ஏ.டி.ஏ. என்ற நொதி கூடியிருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் லேப்ரோஸ்கோப்பியில் சவ்விலிருந்து துணுக்கு எடுத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு. புற்றுநோய் சவ்வில் இல்லாமல் கல்லீரல் முழுக்க நிறைந்திருந்தால் அது போர்டல் அழுத்தத்தை ஏற்றிவிடும், இடைவெளியும் பெரிதாகும். ஆகவே 'இடைவெளி பெரிது, புற்றுநோய் இல்லை' என்று சொல்ல முடியாது. புற்றுநோய் எங்கே இருக்கிறது என்பதைத்தான் எண் சொல்கிறது. சிறுநீரகம் வழியாகப் புரதம் ஒழுகிப்போகும் நோயாளிக்கு இரத்தத்திலும் குறைவு, நீரிலும் குறைவு. 1.4-லிருந்து 0.6 போனால் 0.8. சிறிய இடைவெளி, மெலிந்த நீர். இந்தச் சேர்க்கை வந்தால் சிறுநீரில் புரதம் பார்த்தாலே போதும்.

இனி, கணக்கு பொய் சொல்லும் இடங்கள். முதலாவது, முன்பு சொன்ன அந்த மறந்துபோன இரத்தக் குழாய். காசநோய்ச் சவ்வு அழற்சியோடு ஒரு பெண் வருகிறார். திங்கட்கிழமை நீர் எடுக்கிறார்கள், அல்புமின் 1.9. அன்று இரத்தத்தில் பார்த்திருந்தால் 2.6 இருந்திருக்கும், இடைவெளி 0.7. பார்க்கவில்லை. 'அல்புமின் குறைவாக இருக்கும்போல, கல்லீரலாக இருக்கலாம்' என்று மூன்று நாள் அல்புமின் பாட்டில் ஏற்றுகிறார்கள். வியாழக்கிழமை இரத்தத்தில் 3.2. யாரோ அந்த 3.2-லிருந்து திங்கட்கிழமையின் 1.9-ஐக் கழிக்கிறார்கள். 1.3. கல்லீரல் நோய் என்று உறுதியாகிவிட்டது! நோய் கொஞ்சமும் மாறவில்லை, நாள்தான் மாறியது. அதனால்தான் இரண்டு மாதிரியும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணி நேரத்தில், ஒரே கூடத்துக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

இரண்டாவது, இரத்தத்தில் அல்புமின் மிகக் குறைந்து 1.1-க்கும் கீழே போய்விட்ட நோயாளி. அவருக்கு எப்படிக் கழித்தாலும் 1.1 வராது, சிரோசிஸ் முற்றிப்போயிருந்தாலும். இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிய நிலையில் நீர் எடுத்தால் போர்டல் அழுத்தமும் கூடவே விழுந்திருக்கும், இடைவெளி சுருங்கிக் காட்டும். நீர் பால் போல வெளுத்து, கொழுப்பு மிதந்தால் அல்புமின் அளவீடே குழம்பி இடைவெளி பெரிதாகத் தெரியும். விடை 1.0, 1.1 என்று விளிம்பில் வந்து நின்றால் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பதே நல்லது. நீரில் அல்புமின் மிகக் குறைவாக இருக்கும்போது பல கருவிகள் தடுமாறுகின்றன.

மூன்றாவதுதான் என் அனுபவத்தில் அதிகம் சறுக்க வைப்பது. ஒருவருக்கு இரண்டு நோய். ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவர், இப்போது காய்ச்சல், எடை குறைவு, வயிறு மறுபடி பெருக்கிறது. நீரில் சாக் 1.5. 'கல்லீரல்தான், தெரிந்ததுதானே' என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் போர்டல் அழுத்தம் இருக்கும்வரை இடைவெளி பெரிதாகவே இருக்கும், மேலே காசநோய் வந்து உட்கார்ந்தாலும். சாக் அதைக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது பக்கத்தில் இருக்கும் மற்ற எண்கள். போன வருடம் 1.2 இருந்த மொத்தப் புரதம் இப்போது 3.4 ஆகியிருக்கிறது, அணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 600, அதில் பெரும்பங்கு நிணநீர் அணுக்கள். பழைய அறிக்கை கையில் இல்லாதவருக்கு இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. நீர் எடுத்த ஒவ்வொரு அறிக்கையையும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கச் சொல்லி நோயாளியின் வீட்டாரிடம் நான் கெஞ்சுவது இதற்காகத்தான். ஸ்கேன் படத்தைப் பட்டுச்சேலை போலப் பத்திரப்படுத்துவார்கள், நாலு வரி நீர் அறிக்கையை மளிகைச் சீட்டோடு போட்டுவிடுவார்கள்.